யாரோ ஒரு மனிதரே

அச்சகத்தில் அவருக்குச் சுழியார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அரபு நூல்களைத் தமிழ் உரையோடு அச்சடிக்கும் சின்ன அச்சகம் அது. அரபு எழுத்துகளின் தலையிலும் காலிலும் சின்னச் சின்னக் குறிகள் வரும். ஒரு சுழி போட்டால் உகரம், மேலே ஒரு கோடு இழுத்தால் அகரம், கீழே இழுத்தால் இகரம். அதே குறியை இரட்டையாகப் போட்டால் கடைசியில் ஒரு 'ன்' ஒலி சேரும். ஓதுகிறவரின் நாக்கு தடுமாறாமல் இருக்க இந்தக் குறிகள் சரியாக விழ வேண்டும். அதைப் பார்ப்பதுதான் முப்பது வருடமாக அவர் வேலை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டியபடி, மூக்கு காகிதத்தில் உரச, நாள் முழுவதும் குனிந்திருப்பார்.

"எழுதின தலையெழுத்தை எவனாலும் மாத்த முடியாது. நம்ம சுழியார் எழுதின தலையெழுத்தை மட்டும் ரப்பர் வெச்சு அழிச்சிடலாம்" என்று மிஷின்காரர் கேலி செய்வார்.

சுழியார் சிரித்துக்கொள்வார். ஆனால் ரப்பரால் அழிக்க முடியாத ஒன்றைத் தான் ஒருமுறை அச்சில் ஏற்றியது அவருக்குத் தெரியும். மிஷின்காரருக்கும் தெரியும். அதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

அன்று காலை தண்ணீர் கேன்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தபடி அவர் மேசை அருகே வந்து நின்றார்.

"ஐயா, உங்களுக்குத்தான் அரபி தெரியுமே. ரஜுலன்னு யாராச்சும் பேரு வெப்பாங்களா?"

"ரஜுலனா? பேர் இல்லியே. எங்க கேட்டீங்க?"

"மூணாவது தெருவுல ஒரு சார் இருக்காரு. நீலக் கதவு வீடு. ஜன்னலோரமா நாற்காலியில உக்காந்துக்கிட்டு, 'யா ரஜுலன், யா ரஜுலன்'னு தெருவைப் பாத்துக் கூப்பிடுவாரு. பாவம், கண்ணு ரெண்டும் போயிடுச்சு. தெருவுல போற யாராச்சும் உள்ள போயி, பாத்ரூமுக்கோ குழாயடிக்கோ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவோம். நான் போயிருக்கேன், தையக்கடைக்காரர் போவாரு, தபால்காரர்கூடப் போவாரு. ரஜுலன்னு ஒரு மகன் எங்கியோ ஓடிப்போயிட்டான், அவனைத்தான் கூப்பிடுறாருன்னு தெருவுல ஒரு பேச்சு."

சுழியாரின் கையில் இருந்த பேனா நின்றுவிட்டது.

"அந்த சார் காலேஜுல வாத்தியாரா இருந்தவரா?"

"ஆமா. அரபி வாத்தியார். தெரியுமா உங்களுக்கு?"

மிஷின்காரர் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சுழியார் அவரைப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அது மகன் பேர் இல்லீங்க. ரஜுல்னா மனுஷன். அரபியில ஒருத்தரைக் கூப்பிடணும்னா முன்னால ஒரு 'யா' போடுவாங்க. எதிர்ல நிக்கிற ஆளை, இவரைத்தான்னு மனசுல வெச்சுக் கூப்பிட்டா, 'யா ரஜுலு'. கடைசியில உகரம். ஆனா யாரு வருவாங்கன்னே தெரியாம, எவராச்சும் ஒருத்தர் வந்தா போதும்னு கூப்பிட்டா, 'யா ரஜுலன்'. யாரோ ஒரு மனுஷரேன்னு அர்த்தம். கண்ணு தெரியாதவன் வழியில நின்னு கூப்பிடுற கூப்பாடு அது. பாடம் நடத்துறப்ப எல்லா வாத்தியாரும் அந்த உதாரணத்தைத்தான் சொல்லுவாங்க."

"அப்போ அவரு எங்கள்ல யாரையும் கூப்பிடலியா?"

"எல்லாரையும் கூப்பிடுறாரு."

கேன்காரர் அதை யோசித்துப் பார்த்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. "சரிதான். அதான் யாரு போனாலும் கையை நீட்டிடுறாரு" என்று சொல்லிக் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்.

சுழியார் பூதக்கண்ணாடியைத் துணியில் சுற்றி வைத்தார். நீலக் கதவு வீட்டில் இருப்பவர் அவருடைய அண்ணன். கூடப் பிறந்த ஒரே அண்ணன். கண் போன செய்தி தம்பிக்குத் தண்ணீர் கேன்காரர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

*

பதினொரு வருடத்துக்கு முன்னால் அண்ணன் ஒரு புத்தகம் எழுதினார். தமிழ் வழியாக அரபு இலக்கணம் படிப்பவர்களுக்கு நூற்று இருபது பக்கத்தில் ஒரு கையேடு. வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே புத்தகம். ஏழு வருடம் எழுதினார். தம்பி வேலை பார்க்கும் அச்சகத்தில்தான் அச்சிட வேண்டும் என்று நின்றார். "என் எழுத்துக்கு என் தம்பி குறி போடுறான்" என்று கல்லூரியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

விளிப்பதைப் பற்றிய பாடம் அறுபத்தோராம் பக்கத்தில் வந்தது. ஒரு வரியில் 'யா ரஜுலு'. அடுத்த வரியில் 'யா ரஜுலன்'. தம்பி கல்லூரியில் பாதியில் நின்றவர். குடும்பத்துக்கு ஒரு சம்பாத்தியம் வேண்டியிருந்த நேரம், அண்ணன் படிக்கட்டும் என்று இவர் அச்சகத்துக்கு வந்துவிட்டார். 'யா'வுக்குப் பின்னால் தனிப் பெயர் வந்தால் சுழி என்பது மட்டும் அவருக்கு நன்றாகப் பதிந்திருந்தது. இரண்டாவது வரியைப் பார்த்ததும், அண்ணன் அசந்து தப்பு செய்துவிட்டார் என்று நினைத்தார். அண்ணனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று நினைத்தார். அன்புதான். அந்த அன்பில், இரட்டைக் கோட்டை எடுத்தார், அதைத் தாங்கி நின்ற அலிஃப் எழுத்தையும் எடுத்தார், அழகாக ஒரு சுழியைப் போட்டார். அதே பக்கத்தில் இன்னும் நான்கு இடத்திலும் போட்டார்.

புத்தகம் வந்தது. அறுபத்தோராம் பக்கத்தில் இரண்டு வரியும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. அதன் கீழே தடித்த எழுத்தில், 'இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூர்ந்து கவனிக்க' என்று இருந்தது.

கல்லூரியில் மாணவர்கள் கூர்ந்து கவனித்தார்கள். ஒருவன் எழுந்து, "எவ்வளவு கவனிச்சாலும் தெரியலையே உஸ்தாத்" என்றான். வகுப்பே சிரித்தது.

அன்று மாலை அண்ணன் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினார். மிஷின்காரர், புத்தகம் கட்டுப்போடுகிறவர், முதலாளி, எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பிக்குக் காது மடல் சூடேறியது. தப்பு தன்னுடையது என்று தெரிந்த நொடியிலேயே வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

"ரெண்டு கோட்டுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? எவன் பாக்கப் போறான் இதை?"

அண்ணன் புத்தகத்தை மூடினார். "கோடு போனா பரவாயில்லடா. துணைக்கு ஆள் இல்லாதவன் கூப்பிட்ட சத்தம் போயிடுச்சு" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தம்பி நினைத்தார். வெட்கம் ஒரு வினோதமான கடன். தள்ளிப் போடப் போட அது கனக்கும். நாளை அடுத்த வாரமானது. அடுத்த வாரம் அடுத்த மாதமானது. அண்ணன் மகள் கல்யாணமாகித் தூர தேசம் போனாள். தகவல் வந்தது, தம்பி போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்றிருந்தார். அந்தப் புத்தகத்தை அவர் பிறகு கையாலும் தொடவில்லை.

*

கேன்காரர் சொன்ன அன்றே நான்கு மணிக்கு முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு மூன்றாவது தெருவுக்குப் போனார். நீலக் கதவுக்கு எதிரே, தையல்கடை நிழலில் நின்றார். ஜன்னலுக்குள் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. அண்ணன் எப்போது இவ்வளவு வயதானார்?

"யா ரஜுலன்!"

வகுப்பறைக் குரல்தான். கடைசி எழுத்துவரை முழுசாக, ஒரு குறியும் நழுவாமல் உச்சரிக்கும் குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான்.

தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தார். சுழியார் அவரைக் கையமர்த்தினார். "நான் போறேன்."

கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் கையை முன்னால் நீட்டி வைத்திருந்தார், யார் வந்தாலும் பிடித்துக்கொள்ளட்டும் என்று. தம்பி அந்தக் கையைப் பிடித்தார். பிடித்த கை ஒரு நொடி அசையாமல் இருந்தது. பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தது.

உள்ளறையிலிருந்து அண்ணி முழங்காலைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தாள். இவரைக் கண்டதும் வாய் திறந்தாள். இவர் உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினார். அண்ணியின் கண்கள் நிறைந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"யாருங்க?" என்றார் அண்ணன்.

தம்பிக்குக் குரல் எழும்பவில்லை.

"சரி, எந்தப் பேரா இருந்தா என்ன. குழாயடிக்குப் போகணும். சாயங்கால அஸர் தொழணும், கை கால் கழுவணும். வலப்பக்கம் ஒரு படி இருக்கு, நீங்க பாத்து வாங்க. எனக்கு அது மனப்பாடம்."

குழாயடியில் ஒரு மர முக்காலி இருந்தது. அண்ணனை அதில் உட்கார வைத்து, குழாயைத் திறந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டார். தண்ணீர் விரலிடுக்குகளில் ஓடியது. கால் கழுவும்போது அண்ணன் தடுமாற, தம்பி குனிந்து அந்தக் காலைத் தானே கழுவினார். சர்க்கரை நோய் கருக்கவைத்த விரல்கள்.

"பேச முடியாதவரோ?" என்று கேட்டார் அண்ணன்.

அந்தக் கேள்வி தப்பிக்க ஒரு சந்தாகத் தெரிந்தது. தம்பி அவர் கையை லேசாக அழுத்தினார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. பாக்க முடியாதவனும் பேச முடியாதவரும். நமக்குள்ள சண்டையே வராது, பாருங்க!" என்று அண்ணன் சிரித்தார்.

*

அதன் பிறகு தினமும் நான்கு மணிக்கு அவர் போனார். தெருவில் நின்று, அந்தக் குரல் வரும்வரை காத்திருப்பார். 'யா ரஜுலன்' என்று கேட்டதும் உள்ளே போவார். தையல்காரர் இப்போது எழுவதில்லை; தலையை மட்டும் ஆட்டுவார்.

கூட்டிப்போவது, கழுவிவிடுவது, தொழுகை விரிப்பில் திசை பார்த்து நிறுத்துவது, பிறகு நாற்காலிக்குத் திருப்பிக் கொண்டுவருவது. இருபது நிமிட வேலை. போகும்போது ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுப் போவார். இரண்டாவது வாரத்தில் நகம் வெட்டிவிட்டார். ஒரு நாள் சட்டைப் பொத்தான் அறுந்திருப்பதைப் பார்த்து, எதிர்க் கடையில் ஊசி நூல் வாங்கி வந்து தைத்தார்.

அண்ணன் மட்டும் பேசுவார். பாதி தன்னிடம், பாதி பக்கத்தில் இருப்பவரிடம்.

"கண்ணு போனது ஒருவிதத்துல நல்லதுதாங்க. இத்தனை வருஷம் 'யா ரஜுலன்'னா என்னன்னு பசங்களுக்கு நடத்தினேன். கரும்பலகையில எழுதினேன். அர்த்தம் என்னன்னு இந்த ஜன்னல்ல உக்காந்தப்புறம்தான் தெரிஞ்சுது. எவனாச்சும் வருவான்னு நம்பித்தானே அப்படிக் கூப்பிடறது? நம்பிக்கை இல்லாதவன் கூப்பிடவே மாட்டான். ஒரு நாள்கூட யாரும் வராம இருந்ததில்ல. இந்தத் தெருவுல அல்லாஹ் அவ்வளவு பேரை நிறுத்தி வெச்சிருக்கான்."

இன்னொரு நாள், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். ரொம்ப நல்லவன். என்ன ஒண்ணு, கேக்காமலே திருத்திடுவான்."

தம்பியின் கையில் இருந்த சொம்பு குழாய்த் தொட்டியில் இடித்துக் கணீரென்றது.

"பாத்து, பாத்து" என்றார் அண்ணன் அமைதியாக.

அந்த நேரம் ஒரு சொல் போதுமாயிருந்தது. 'அண்ணே' என்றால் முடிந்தது. தம்பி வாயைத் திறந்தார். இத்தனை நாள் ஊமையாக நடித்துக் கூட வந்ததற்கு என்ன பதில் சொல்வது என்ற நினைப்பு வந்தது. பழைய வெட்கத்தின் மேல் புது வெட்கம் ஏறி உட்கார்ந்தது. வாயை மூடிக்கொண்டார்.

வாசலில் அண்ணி அவரைப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, "எத்தன நாளைக்கு இந்த நாடகம்? சொல்லிடேன்" என்றாள்.

"சொல்றேன் அண்ணி. கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கிறதுக்கு எனக்கு ஆயுசு இருக்கு. அவருக்கு இருக்கான்னு எனக்குத் தெரியாது."

*

பத்தொன்பதாவது நாள். அச்சகத்தில் ஒரு பாரம் அச்சடித்து முடியத் தாமதமானதால் அவர் போய்ச் சேர நாலேகால் ஆகிவிட்டது. தெருமுனையில் திரும்பும்போதே குரல் கேட்டது.

"யா ரஜுலு!"

அவர் நடையை நிறுத்தினார். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பார்த்தார். முப்பது வருடம் குறிகளோடு வாழ்ந்த காது. மறுபடி வந்தது, நிதானமாக, அந்தக் கடைசி உகரத்தைக் கொஞ்சம் நீட்டி.

"யா ரஜுலு!"

பதினொரு வருடத்துக்கு முன் அவர் தப்பாகப் போட்ட அதே சுழி. இன்று அது சரியாக இருந்தது. அண்ணன் யாரோ ஒருவரைக் கூப்பிடவில்லை. ஒரு குறிப்பிட்ட மனிதனை, இன்னும் வராத அவனை, இவன்தான் என்று மனதில் நிறுத்திக்கொண்டு கூப்பிடுகிறார். எதிரே தையல்காரர்கூட எழுந்துவிட்டார், யாரும் உள்ளே போகாததால். சுழியார் ஓட்டமும் நடையுமாக உள்ளே போய்க் கையைப் பிடித்தார்.

"லேட்டு" என்றார் அண்ணன்.

அன்று குழாயடியில் தம்பியின் கண்ணீர் தண்ணீரோடு தண்ணீராக அண்ணனின் கால் மேல் விழுந்தது. அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். குழாயை மூடிய பிறகும் உட்கார்ந்திருந்தார். எதற்கோ காத்திருப்பதுபோல முகம் லேசாக இவர் பக்கம் சாய்ந்திருந்தது.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தம்பி முடிவு செய்தார். வெறுங்கையோடு எப்படிச் சொல்வது? அந்த அறுபத்தோராம் பக்கத்தைத் திருத்தி, புதிதாக ஒரு தாளில் அச்சிட்டுக் கொண்டுவர வேண்டும். அண்ணனின் விரலை எடுத்து அந்த இரட்டைக் கோட்டின் மேல் வைத்து, 'அண்ணே, போட்டுட்டேன்' என்று சொல்ல வேண்டும். அந்தக் காட்சி அவர் மனதில் அழகாக இருந்தது. அழகாக இருந்ததால், அந்த நேரத்தின் கையை விட்டுவிட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பக்கத்தைக் கோத்தார். 'யா ரஜுலு' ஒரு வரி. 'யா ரஜுலன்' மறு வரி. அலிஃபை நிறுத்தினார், இரட்டைக் கோட்டை வைத்தார். மிஷின்காரர் ஒன்றும் கேட்காமல் நல்ல தாளாக ஒன்று தேடி எடுத்துப் போட்டுக் கொடுத்தார். மை காய்வதற்காகத் தாளைக் கொடியில் மாட்டிவிட்டுத் திரும்பினால், வாசலில் தண்ணீர் கேன்காரர். கையில் கேன் இல்லை.

"ஐயா..." என்றார்.

"எப்போ?"

"பத்து மணி இருக்கும். நாற்காலியிலேயே. நான்தான் கேன் போடப் போனேன். கூப்பிடவே இல்லியேன்னு எட்டிப் பாத்தேன்."

*

அடக்கம் மாலையில் முடிந்தது. தெருவே வந்திருந்தது. தையல்காரர், தபால்காரர், கேன்காரர், அண்ணன் பேரே தெரியாத எத்தனையோ பேர். ஒவ்வொருவரும் என்றோ ஒரு நாள் அந்தக் கையைப் பிடித்தவர்கள். தூக்கிப் போகும்போது தோள் மாற்ற ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, அண்ணி சுழியாரை உட்காரச் சொன்னாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அவருக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன அண்ணி?"

"நீதான்னு. முதல் நாளே தெரியும். நீ அந்தப் பக்கம் போனதும் என்னைக் கூப்பிட்டாரு. 'வந்துட்டான்டீ'ன்னாரு. உன் கட்டை விரல் நகம் ரெண்டாப் பிளந்திருக்குமாமே. சின்ன வயசுல இவருதான் கதவைச் சாத்தி நசுக்கிட்டாராம். 'அந்த நகத்தை எனக்குத் தெரியாதா, நான் பண்ணின காயம் அது'ன்னாரு."

சுழியார் தன் கட்டை விரலைப் பார்த்தார்.

"தெரிஞ்சும் ஏன் அப்படியே..."

"நானும் அதையேதான் கேட்டேன். 'யாரோ மாதிரி வந்திருக்கான், யாரோ மாதிரியே கூப்பிடுறேன். அவனா வாயைத் திறந்து தம்பின்னு சொன்னா தம்பின்னு கூப்பிடுவேன். வெட்கப்பட்டுக்கிட்டு வர்றவனை நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அப்படியே ஓடிடுவான்'னாரு. நேத்து மட்டும் பொறுக்கல அவருக்கு. நீ வர நேரமாச்சுன்னு தவிச்சுப் போயிட்டாரு. ஏதோ மாத்திக் கூப்பிட்டாராமே? எனக்கு அந்த அரபியெல்லாம் தெரியாது. ராத்திரி சாப்பிடறப்ப சொன்னாரு. 'பாதி வழி நான் போயிட்டேன். மீதியை நாளைக்கு அவன் வந்துடுவான்'னு."

பேச வேண்டிய நேரத்தில் பேசாதவனுக்குப் பிறகு பேச்சு எதற்கு?

அண்ணி எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். அந்தக் கையேடு. பதினொரு வருடமாக அவர் தொடாதது. அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்தார்.

பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு தாள் ஒட்டியிருந்தது. வேறு ஏதோ அச்சகத்தில் அடித்தது. அதில் சரியான வடிவம் இருந்தது. அதன் கீழே ஒரு வரி: 'இப்பக்கத்தில் உள்ள பிழை நூலாசிரியனுடையது. அச்சகத்தார் மீது குறை இல்லை.'

"எல்லாப் பிரதியிலயும் அவரே உக்காந்து ஒட்டினாரு" என்றாள் அண்ணி. "ஐந்நூறும். கல்லூரியில எவன் கேட்டாலும், 'நான்தான் தப்பா எழுதிக் குடுத்துட்டேன்'னுதான் சொல்லுவாரு."

எழுத்துகள் கலங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பாடம், 'என்னுடைய' என்று உரிமை சேர்த்து விளிப்பது. அண்ணனின் நடை, எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது.

'யா அகீ என்றால் என் சகோதரனே. இதில் சகோதரன் என்ற சொல்லின் இறுதியில் அகரக் குறி இருந்தாக வேண்டும். ஆனால் என்னுடைய என்பதைக் காட்ட, ஈ என ஒலிக்கும் யா எழுத்து கடைசியில் வந்து ஒட்டிக்கொள்வதால், அந்தக் குறி வெளியே தெரியாது, ஓசையிலும் வராது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். குறி உள்ளே மறைந்து இருக்கிறது.'

சுழியார் ஜன்னலோரம் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"யா அகீ" என்றார். அந்த வீட்டில் அவர் உரக்கச் சொன்ன முதல் சொல் அது. பதில் வரவில்லை. ஈரமாகப் போட்ட துண்டு ஜன்னல் கம்பியில் காய்ந்து விறைத்துப்போயிருந்தது. நேற்று அவர் போட்டது.

*

ஒரு வாரம் கழித்து, அச்சகத்தில் மணி நான்கு அடித்தது. கால்கள் தாமாக எழுந்தன. போய் என்ன செய்வது என்று தெரியாமலே மூன்றாவது தெருவுக்குப் போனார். பைக்குள் அந்தத் திருத்திய தாள் மடிக்காமல் இருந்தது. அதை அண்ணனின் அலமாரியில் வைத்துவிட்டு வரலாம் என்று ஒரு நினைப்பு. தெருமுனையில் திரும்பி, வழக்கமான இடத்தில், வழக்கம்போல நின்றார். எந்தக் குரலுக்காகக் காத்திருக்கிறோம் என்று உறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போக எத்தனித்தார்.

அப்போது நீலக் கதவுக்குள்ளிருந்து பாத்திரம் உருளும் சத்தம் வந்தது. பிறகு அண்ணியின் குரல், வலியோடு.

"யாராச்சும் இருக்கீங்களா? யாராச்சும் கொஞ்சம் வாங்களேன்..."

தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார். அவர்கள் இருவருக்கும் முன்னால் சுழியார் வாசலைத் தாண்டியிருந்தார். குழாயடியில் முழங்கால் மடங்கி அண்ணி உட்கார்ந்துவிட்டிருந்தாள். எழ முடியவில்லை. வெயிலிலிருந்து வந்த உருவத்தை அடையாளம் தெரியாமல், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"யாருப்பா அது?"

சுழியார் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அண்ணி" என்றார். "தம்பிதான் வந்திருக்கேன்."